36 பக்கச் செய்திமடலை ஸ்டைல்களுக்கு மாற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் சங்கம் ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்திமடல் வெளியிடுகிறது. ஏ4 அளவு, நடுவில் பின் அடித்தது, வழக்கமாக 36 பக்கம். கட்டுரைகள், உறுப்பினர் கடிதங்கள், இரங்கல் குறிப்புகள், கிளைச் செய்திகள், இரண்டு மூன்று பக்கம் படங்கள் இருக்கும். லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் தயாரித்து, பிடிஎஃப் எடுத்து அச்சகத்துக்கு அனுப்புவார்கள். டி.டி.பி. பழகிய ஒரு பெண் பகுதி நேரமாகப் பக்கம் கட்டுகிறார். மெய்ப்புப் பார்ப்பது, பக்க எண்ணிக்கையை முடிவு செய்வது எல்லாம் சங்கச் செயலாளர், ஒரு முன்னாள் தலைமையாசிரியர். 2024 பிப்ரவரியில் உதவிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

நடுவில் பின் அடிக்கும் மடலில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 36, 40, 44, 48 என்றுதான் போக முடியும். 45 பக்கம் வந்தால் 48-க்குக் காகிதமும் அச்சும் கொடுத்தாக வேண்டும். இந்த ஆய்வில் எடுத்த பல முடிவுகள் இந்தக் கணக்கில்தான் வந்து நின்றன.

ஜனவரி இதழில் நடந்தது

உறுப்பினர்களில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள். எழுத்து சிறிதாக இருக்கிறது, வாசிக்க முடியவில்லை என்று பொதுக்குழுவில் பலர் சொன்னார்கள். அப்போது உரை 11 புள்ளியில் இருந்தது. ஜனவரி இதழை 13 புள்ளியில் கொண்டுவரலாம் என்று செயலாளர் முடிவு செய்தார்.

வடிவமைப்பாளர் முதலில் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அளவை 13 ஆக்கினார். தலைப்பு, படவிளக்கம், பக்கக் குறிப்பு எல்லாமே 13 ஆகிவிட்டன. அதைத் திரும்பப் பெற்று, ஒவ்வொரு கட்டுரையாகப் போய் உரையை மட்டும் மாற்றினார். இரண்டரை மாலை அதற்கே போனது. உரை பெரிதானதும் தலைப்புகள் பக்கத்தின் அடியில் தனியாகத் தொங்கின. அவற்றை அடுத்த பக்கத்துக்குத் தள்ள என்டர் தட்டினார். பிறகு முன்பக்கத்தில் ஒரு வரி குறைந்தாலும் அந்த என்டர்கள் எல்லாம் இடம் மாறி நின்றன.

அச்சாகி வந்த இதழில் நான்கு கட்டுரைகள் பழைய 11 புள்ளியிலேயே இருந்தன. 46 பக்கம் வந்ததால் 48 போட வேண்டியிருந்தது, கடைசி இரண்டு பக்கத்தை விழாப் படங்களால் நிரப்பினார்கள். கவனக்குறைவு என்று அந்தப் பெண்ணைச் சிலர் குறை சொன்னார்கள். அது நியாயமில்லை என்பது கோப்பைத் திறந்து பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. அந்தக் கோப்பில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதோ ஒன்று விட்டுப்போகத்தான் செய்யும்.

கோப்பில் பார்த்தது

ஜனவரிக் கோப்பு குழம்பிவிட்டதால், அதற்கு முந்தைய அக்டோபர் இதழை நகலெடுத்து, அதன் மேல் ஏப்ரல் கட்டுரைகளை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். நான் பார்த்தது அந்தக் கோப்பைத்தான்.

எழுத்தின் அளவு, தடிப்பு, இடைவெளி போன்றவற்றைச் சேர்த்து ஒரு பெயரில் வைப்பதுதான் ஸ்டைல். ரைட்டரில் F11 தட்டினால் ஸ்டைல் பட்டியல் பக்கவாட்டில் திறக்கும். கர்சர் எந்தப் பத்தியில் இருக்கிறதோ அதன் ஸ்டைல் அதில் தெளிவாகத் தெரியும். இந்தக் கோப்பில் எங்கே கர்சரை வைத்தாலும் `Default Paragraph Style` ஒன்றே வந்தது. கட்டுரைத் தலைப்பும் அதே, அடியில் உள்ள உரையும் அதே, இரங்கல் குறிப்பும் அதே. தலைப்பு தலைப்பாகத் தெரிந்ததற்குக் காரணம், அந்த எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து 18 புள்ளியும் தடித்த எழுத்தும் கையால் கொடுத்திருந்ததுதான். பார்ப்பவர் கண்ணுக்கு அது தலைப்பு. ரைட்டருக்கு அது கொஞ்சம் பெரிதாக எழுதிய இன்னொரு பத்தி, அவ்வளவே.

7.6 பதிப்பிலிருந்து ஸ்டைல் பட்டியலின் அடியில் `Spotlight` என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்தால் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அதன் ஸ்டைலுக்குரிய நிறமும் எண்ணும் வரும். கையால் ஏதாவது மாற்றியிருந்தால் அந்த நிறத்தின் மேல் சாய்கோடுகள் விழும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே நிறம், ஏறக்குறைய எல்லாவற்றிலும் சாய்கோடு. இதைச் செயலாளருக்குக் காட்டினேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

22 கட்டுரைத் தலைப்புகளை எண்ணிப் பார்த்தோம். 15, 16, 17, 18, 20 என்று ஐந்து அளவுகள் இருந்தன. பத்திகளுக்கு இடையில் இடைவெளி விட வெற்றுப் பத்திகள், பத்தியின் தொடக்கத்தில் உள்தள்ள ஐந்தாறு ஸ்பேஸ்.

முடிவுகளும் காரணங்களும்

அதே கோப்பிலேயே கட்டுரை கட்டுரையாகச் சுத்தம் செய்வதா, உரையை மட்டும் எடுத்துப் புதுக் கோப்பில் ஏற்றுவதா என்பது முதல் கேள்வி. புதுக் கோப்பு என்று முடிவு செய்தோம். பழைய கோப்பில் சுத்தம் செய்தால் எங்கேயோ ஒரு பத்தியில் கையால் கொடுத்த அளவு ஒட்டிக்கொண்டு நிற்கும். பத்திக்கு ஸ்டைல் கொடுத்த பிறகும், எழுத்துக்குக் கையால் கொடுத்த அளவுதான் ஜெயிக்கும். ஜனவரியில் விட்டுப்போன நான்கு கட்டுரைகளைப் போல இதுவும் அச்சில்தான் தெரியவரும். அந்த அபாயம் வேண்டாம் என்று நினைத்தோம்.

ஸ்டைல்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்தோம். பத்திக்கு எட்டு, எழுத்துக்கு இரண்டு. பெயர்களைத் தமிழிலேயே கொடுத்தோம்: மடல் உரை, முதல் பத்தி, எழுதியவர், செய்யுள், மேற்கோள், படவிளக்கம். கட்டுரைத் தலைப்புக்கும் உட்தலைப்புக்கும் ரைட்டரிலேயே உள்ள `Heading 1`, `Heading 2`. பொருளடக்கம் தானாக உருவாக இந்த இரண்டும் உதவும்.

மூன்றாவது முடிவுதான் எல்லாவற்றிலும் பலன் தந்தது. ஒவ்வொரு ஸ்டைலுக்கும் `Organizer` பகுதியில் `Inherit from` என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு ஸ்டைல் எந்தத் தாய் ஸ்டைலிடமிருந்து குணங்களை வாங்குகிறது என்பதை அங்கே சொல்லலாம். ஏழு ஸ்டைல்களுக்கும் ‘மடல் உரை’யைத் தாயாக வைத்தோம். அப்புறம் அளவைப் புள்ளியில் கொடுக்காமல் விழுக்காட்டில் கொடுத்தோம். எழுத்து அளவுப் பெட்டியில் `140%` என்று தட்டினால் ரைட்டர் ஏற்றுக்கொள்ளும், தாயின் அளவில் 140 விழுக்காடு என்று பொருள். கட்டுரைத் தலைப்பு 140%, உட்தலைப்பு 115%, படவிளக்கம் 85%. உரை 12.5 புள்ளி என்றால் தலைப்பு 17.5 ஆகும், படவிளக்கம் 10.6 ஆகும். தாயில் ஒரு எண்ணை மாற்றினால் மொத்த இதழும் அதே விகிதத்தில் நகரும்.

இடைவெளியை என்டரிடமிருந்து எடுத்து ஸ்டைலிடம் கொடுத்தோம். தலைப்புக்கு மேலே இத்தனை, கீழே இத்தனை என்பது ஸ்டைலுக்குள் போனது. `Text Flow` பகுதியில் தலைப்புக்கு `Keep with next paragraph` டிக் செய்தோம். அடுத்த பத்தியை விட்டுத் தலைப்பு தனியே பக்கத்தின் அடியில் நிற்காது.

எழுத்து ஸ்டைல்கள் இரண்டும் பொருளைக் குறிப்பவை: ‘அழுத்தம்’, ‘நூற்பெயர்’. பழைய இதழ்களில் இரண்டுமே தடித்த எழுத்தில் வந்தன. இரண்டும் இன்றைக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். ஜூலையில் அது ஏன் தேவைப்பட்டது என்பதைக் கீழே சொல்கிறேன்.

உரையை இடம் மாற்றியது

வடிவமைப்பு எதுவும் ஒட்டாமல் வெறும் உரையாக ஒட்ட ரைட்டரில் Ctrl+Alt+Shift+V. ஆனால் அப்படி ஒட்டினால் கட்டுரையாளர் வேண்டுமென்றே தடித்த எழுத்தில் போட்ட சொற்களும் சாதாரணமாகிவிடும். அவற்றைக் காப்பாற்ற, பழைய கோப்பின் நகல் ஒன்றில் முதலில் குறியிட்டோம். தேடி மாற்றும் பெட்டியை Ctrl+H தட்டித் திறந்து, `Regular expressions` டிக் செய்து, தேடும் இடத்தில் கர்சர் இருக்கும்போது `Format` பொத்தானில் தடித்த எழுத்தைத் தேர்ந்தெடுத்து, இதைக் கொடுத்தோம்:

```
Find:    .+
Replace: ##$0##
```

தடித்த எழுத்தில் உள்ள ஒவ்வொரு தொடரின் இரு பக்கமும் `##` வந்துவிடும். இங்கே ஒரு சிக்கல் வந்தது. முதல் தடவை ஓட்டியபோது ஒன்றிரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு மட்டும் குறி விழுந்தது, தமிழில் ஒன்றும் நடக்கவில்லை. எழுத்துக்கான பெட்டியில் மேலை எழுத்துகளுக்கு ஒரு பகுதியும், தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு `CTL` என்று இன்னொரு பகுதியும் இருக்கிறது. தமிழ்ச் சொற்களின் தடிப்பு இரண்டாவது பகுதியில்தான் பதிவாகிறது. அங்கே தேர்ந்தெடுத்ததும் எல்லாம் கிடைத்தன.

பிறகு உரையைப் புதுக் கோப்பில் வெறும் உரையாக ஒட்டினோம். வெற்றுப் பத்திகளை நீக்க `^$` என்று தேடி, மாற்றும் இடத்தைக் காலியாக விட்டு மொத்தமாக மாற்றினால் போதும். முழுப் பத்தியுமே குறிகளுக்கு நடுவில் இருந்தால் அது தலைப்பாகவோ எழுதியவர் பெயராகவோதான் இருக்கும். அதனால்

```
^##[^#]+##$
```

என்று `Find All` கொடுத்து, எல்லாம் தேர்வாகி நிற்கும்போது பட்டியலில் `Heading 1`-ஐ இரண்டு முறை சொடுக்கினோம். 54 வரிகள் தேர்வாயின. அவற்றில் 22 கட்டுரைத் தலைப்புகள். எழுதியவர் பெயர்களையும் உட்தலைப்புகளையும் பார்த்துப் பார்த்துக் கையால் அவற்றின் ஸ்டைலுக்கு மாற்றினோம். அந்த வரிகளில் இருந்த குறிகளை நீக்கிவிட்டு, மிச்சமிருந்த `##[^#]+##` எல்லாவற்றையும் அதே முறையில் தேர்ந்து ‘அழுத்தம்’ கொடுத்தோம். கடைசியாக `##` என்பதைத் தேடிக் காலியாக மாற்றினோம். நூற்பெயர்களை மட்டும் வடிவமைப்பாளர் அச்சுத்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறித்தார். அதைக் கருவியால் செய்ய வழியில்லை, வாசித்துத்தான் ஆக வேண்டும்.

ஒட்டும்போது ஒரு கடிதம் இப்படி வந்தது: `mk;kh`. வடிவமைப்பாளர் கோப்பே கெட்டுவிட்டதோ என்று பயந்தார். அது பாமினி எழுத்துருவில் தட்டிய ‘அம்மா’. யூனிகோடுக்கு முந்தைய அந்த முறையில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு மட்டும் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. ஸ்டைல் எந்த எழுத்துருவைக் கொடுத்தாலும் அந்த வேடம் கலைந்துவிடும். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்து, செயலாளர் மறுபடி மெய்ப்புப் பார்த்தார். இந்தச் சோதனை ஒட்டும் கட்டத்திலேயே நடந்தது நல்லதாயிற்று. பழைய கோப்பில் எழுத்துருவை மாற்றியிருந்தால் அந்தக் கடிதம் அச்சகம் வரை போயிருக்கலாம்.

இடம் மாற்றும் வேலை முழுவதற்கும் மூன்று மாலைகள் ஆயின. ஜனவரியில் கையால் மாற்றிய நேரத்தைவிடச் சற்றே அதிகம்.

ஏப்ரல் இதழ்: அளவை முடிவு செய்த நாள்

மார்ச் இறுதியில் செயலாளர் வீட்டில் உட்கார்ந்தோம். 11 புள்ளியில் இதழ் 36 பக்கம் இருந்தது. ‘மடல் உரை’யைத் திறந்து 13 என்று கொடுத்துச் சரி தட்டினேன். ஒன்றுமே மாறவில்லை. மின்னஞ்சல் முகவரிகள் மட்டும் பெரிதாயின.

இதுவும் அதே CTL சிக்கல்தான். செயலாளரின் கணினியில் `Tools > Options > Languages and Locales > General` என்ற இடத்தில் `Complex text layout` டிக் செய்யப்படவில்லை. அதனால் ஸ்டைல் பெட்டியில் மேலை எழுத்துகளுக்கான பகுதி மட்டுமே தெரிந்தது. நான் மாற்றியது அதைத்தான். டிக் செய்ததும் தமிழுக்கான பகுதி வந்தது, இரண்டிலும் 13 கொடுத்தோம். இதழ் முழுக்க ஒரே நொடியில் மாறியது. “இதுக்கா சார் ரெண்டரை நாள் உட்கார்ந்தேன்” என்று வடிவமைப்பாளர் மெதுவாகச் சொன்னார்.

முழுக்க என்றேன், ஆனால் கிளைச் செய்தி அட்டவணைகளைத் தவிர இன்னொன்றும் அப்படியே நின்றது: படவிளக்கங்கள். ‘படவிளக்கம்’ ஸ்டைலை உருவாக்கும்போது யாரோ 9 புள்ளி என்று தட்டிப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள். பிள்ளை ஸ்டைலில் ஒரு குணத்தை நேரடியாகக் கொடுத்துவிட்டால் அந்தக் குணத்தில் தாய் சொல்வது எட்டாது. `Organizer` பகுதியின் அடியில் அந்த ஸ்டைல் தனக்கென்று வைத்திருப்பவை எழுதப்பட்டிருக்கும், அங்கே 9 இருப்பதைப் பார்த்தோம். எழுத்துப் பகுதியில் `Reset to Parent` கொடுத்து, மறுபடி 85% தட்டினோம். எழுத்துருவும் அதே ஸ்டைலில் தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தது, அதுவும் அந்தப் பொத்தானிலேயே போய்விட்டது.

பிறகு அளவுகளைப் பார்த்தோம். 12 புள்ளியில் 42 பக்கம், 12.5-இல் 45, 13-இல் 48. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கத்தை அச்செடுத்து, அன்று வந்திருந்த மூன்று மூத்த உறுப்பினர்களிடம் கொடுத்தோம். 12 போதாது என்று மூவரும் சொன்னார்கள். 12.5-க்கும் 13-க்கும் இருவர் வித்தியாசம் காணவில்லை, ஒருவர் 13 கேட்டார். 12.5 எடுத்தால் 45 பக்கம், ஒரே ஒரு பக்கம் மிகை. ‘மடல் உரை’யின் வரி இடைவெளி 120 விழுக்காட்டில் இருந்தது, அதை 118 ஆக்கினோம். 44 பக்கத்தில் முடிந்தது. 48-க்குப் பதில் 44, பிரதிக்கு நான்கு பக்கம் மிச்சம்.

இந்த நான்கு சோதனைக்கும் சேர்த்து, அச்செடுத்த நேரத்தைக் கழித்தால், பத்து நிமிடம் ஆகியிருக்கும். என் கணக்கில் ஸ்டைலின் உண்மையான பயன் இதுதான். கையால் மாற்றும்போது 12.5 சரியா, 13 சரியா என்று பார்க்க யாருக்கும் மனம் வராது. முதலில் தட்டிய எண்ணோடு நின்றுவிடுவார்கள்.

பக்கம் மாறிய பிறகு பொருளடக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். அது தானாக மாறாது, அதன் மேல் வலது சொடுக்கி `Update Index` கொடுக்க வேண்டும். ஏப்ரலில் இதை மறந்து பிடிஎஃப் எடுத்தோம். செயலாளர் மெய்ப்பில் பிடித்தார்.

ஜூலை இதழ்

ஏப்ரல் கோப்பை வார்ப்புருவாகச் சேமித்திருந்தோம். ஜூலை இதழை வடிவமைப்பாளர் தனியாகவே கட்டினார், நான் கடைசியில் பார்த்தேன். ஒரு கேள்வி அங்கே எழுந்தது. நூற்பெயர்கள் தடித்த எழுத்தில் வருவதால் இலக்கியக் கட்டுரைப் பக்கங்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருந்தார். நியாயமான குறை. முதலில் சாய்வெழுத்தாக மாற்றிப் பார்த்தோம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக்கென்று தனியாக வரைந்த வடிவம் இல்லை, நேர் எழுத்தையே மென்பொருள் சாய்த்துக் காட்டும். சிறிய அளவில் கொம்பும் காலும் ஒன்றோடொன்று நெருங்கி வாசிக்கச் சிரமமாக இருந்தது. கடைசியில் தடிப்பை எடுத்துவிட்டு அடர்பழுப்பு நிறம் கொடுத்தோம், உள்பக்கங்களும் வண்ணத்தில் அச்சாவதால் அது முடிந்தது. ‘நூற்பெயர்’ ஸ்டைலில் செய்த ஒரே மாற்றம் இதழில் இருந்த அத்தனை நூற்பெயரையும் மாற்றியது, ‘அழுத்தம்’ பெற்ற சொற்கள் தடித்த எழுத்திலேயே இருந்தன. இரண்டுக்கும் ஒரே ஸ்டைல் வைத்திருந்தால் மறுபடியும் ஒவ்வொன்றாக வாசித்துப் பிரிக்க வேண்டியிருந்திருக்கும்.

`Spotlight` போட்டுப் பார்த்ததில் மூன்று இடத்தில் சாய்கோடு இருந்தது. இரண்டு, வாட்ஸ்அப் வழியாக வந்த கட்டுரைகளைச் சாதாரணமாக Ctrl+V தட்டி ஒட்டியதால் வந்தவை. மூன்றாவது, அட்டைக்கு அடுத்த பக்கத்தில் உள்ள ஆசிரியர் குழுப் பட்டியல், ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று வேண்டுமென்றே கையால் சுருக்கியது. அதை அப்படியே விட்டோம்.

இனி மாற்றப்போவது

‘முதல் பத்தி’க்கும் மற்றப் பத்திக்கும் உள்ள ஒரே வித்தியாசம் உள்தள்ளல். வடிவமைப்பாளர் அதை அடிக்கடி மறக்கிறார். `Next style` என்ற இடத்தில் எழுதியவருக்கு அடுத்து முதல் பத்தி, அதற்கு அடுத்து மடல் உரை என்று வைத்திருக்கிறோம். ஆனால் அது தட்டச்சு செய்து என்டர் தட்டும்போதுதான் வேலை செய்யும், ஒட்டிய உரைக்கு உதவாது. வந்த கட்டுரைகளை ஒட்டித்தான் இந்த மடல் கட்டப்படுகிறது. எனவே அக்டோபரிலிருந்து ‘முதல் பத்தி’யை எடுத்துவிட்டு, உள்தள்ளலுக்குப் பதில் பத்திகளுக்கு இடையில் சிறிது இடைவெளி வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

கிளைச் செய்திகள் அட்டவணைகளில் வருகின்றன. அட்டவணைக்குள் ரைட்டர் தானாகக் கொடுக்கும் `Table Contents` ஸ்டைலுக்குத் தாய் எங்கள் ‘மடல் உரை’ இல்லை. ஏப்ரலில் அந்த இரண்டு பக்கத்துக்கும் கையால்தான் அளவு கொடுத்தோம். அந்த ஸ்டைலின் `Inherit from` இடத்தில் ‘மடல் உரை’ என்று மாற்றி, இடைவெளிகளை மட்டும் தனியாகக் குறைக்க வேண்டும். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அக்டோபர் இதழுக்கான வார்ப்புருவில் அதை இப்போது மாற்றி வைத்தாயிற்று.